ஒரே மாதிரி 10 லட்டு, 4 பிள்ளைகள்: இதில் 13 எங்கிருந்து வந்தது?

வாசல்திண்ணை | அக்டோபர் 18, மாலை 7:10

டியூஷனில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். ஒரே மாதிரியான 10 லட்டுகளை 4 குழந்தைகளுக்கு எத்தனை விதமாகப் பிரித்துக் கொடுக்கலாம்? நாலு பேர் நாலு விடையோடு வந்தார்கள்: 1048576, 286, 84, 23. சூத்திரப்படி 286 என்று எனக்குத் தெரியும், C(13, 3) என்று போர்டில் எழுதியும் விட்டேன். உடனே ஒருத்தி எழுந்து, "லட்டு பத்து, ஆள் நாலு, கூட்டினால்கூட பதினாலுதானே வரும், 13 எங்கிருந்து வந்தது, மூன்று எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "சூத்திரம் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. மற்ற மூன்று விடைகளும் சும்மா வந்தவை இல்லை, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு யோசனை இருக்கிறது. எந்த யோசனை எங்கே தடம் மாறுகிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நீங்கள் வகுப்பில் எப்படிச் சொல்வீர்கள்?

இரவுப்பறவை | அக்டோபர் 18, இரவு 8:02

இது நேரடியான கணக்கு. ஒவ்வொரு லட்டுக்கும் 4 வழி, பத்து லட்டுக்கு 4^10 = 1048576. லட்டுகள் ஒரே மாதிரி என்பதால் எது முதலில் போனது எது அடுத்துப் போனது என்பது கணக்கில் இல்லை. அதனால் 10! ஆல் வகுத்துவிடுங்கள். சேர்வுகள் பாடத்தில் எல்லா இடத்திலும் இதைத்தானே செய்கிறோம்.

கணக்கு_மாமா | அக்டோபர் 18, இரவு 9:25

தம்பி, வகுத்துப் பார்த்தீர்களா? 10! என்பது 3628800. 1048576ஐ அதால் வகுத்தால் 0.289 வருகிறது. பத்து லட்டைக் கால் வழியில் பிரித்துக் கொடுக்க முடியாது. எண்ணிக்கை முழு எண்ணாக வராவிட்டால் எங்கோ உடைந்திருக்கிறது என்று அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

உங்கள் யோசனையில் பாதி சரி. லட்டுகளுக்கு 1 முதல் 10 வரை எண் ஒட்டினால் 4^10 வழிதான். எண்ணைக் கிழித்துவிட்டால் பல வழிகள் ஒன்றாகிவிடும், அதுவும் சரி. ஆனால் எத்தனை வழிகள் ஒன்றாகின்றன என்பது ஒவ்வொரு பங்கீட்டுக்கும் வேறு. பத்தும் மூத்தவனுக்கே என்றால், எண் ஒட்டியிருந்தாலும் கிழித்தாலும் அது ஒரே வழிதான். மூத்தவனுக்கு 3, அடுத்தவளுக்கு 3, மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு என்றால், எண் ஒட்டிய கணக்கில் அது 10!/(3!·3!·2!·2!) = 25200 தடவை வந்திருக்கும். ஒன்றை ஒரு தடவையும் இன்னொன்றை 25200 தடவையும் எண்ணிவிட்டு எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்தால் எப்படிச் சரிவரும்? எல்லாம் ஒரே அளவு தடவை எண்ணப்பட்டிருந்தால் மட்டுமே வகுக்கலாம்.

வாசல்திண்ணை அம்மா, நான் கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் போர்டைத் தொடுவதற்கு முன்பு பத்துப் புளியங்கொட்டையும் மூன்று தீக்குச்சியும் மேஜையில் வைத்துவிடுவேன். கொட்டைகளை ஒரே வரிசையாக வை, குச்சிகளை நடுவில் எங்கே வேண்டுமானாலும் போடு. முதல் குச்சிக்கு இடப்பக்கம் இருப்பது முதல் பிள்ளைக்கு, முதல் குச்சிக்கும் இரண்டாவது குச்சிக்கும் நடுவே இருப்பது இரண்டாவது பிள்ளைக்கு, இப்படியே போய் கடைசிக் குச்சிக்கு வலப்பக்கம் இருப்பது நாலாவது பிள்ளைக்கு.

●●●|●●||●●●●●

இது 3, 2, 0, 5. நாலு பேருக்கு நடுவே மூன்று தடுப்பு போதும், அதுதான் அந்த மூன்று. மேஜையில் மொத்தம் 13 பொருள் இருக்கிறது. அதில் எந்த மூன்று இடத்தில் குச்சி என்று தீர்மானித்துவிட்டால் பங்கீடு முழுவதும் தீர்மானமாகிவிடும். 13×12×11/6 = 286. அந்தப் பெண் பதினாலு என்று கேட்டது லட்டையும் ஆளையும் கூட்டியதால். வரிசையில் ஆள் யாரும் உட்காருவதில்லை, தடுப்புதான் உட்காருகிறது.

வாசல்திண்ணை | அக்டோபர் 19, இரவு 8:40

இன்று செய்து பார்த்தோம். புளியங்கொட்டை கிடைக்கவில்லை, கொண்டைக்கடலை. இரண்டு விஷயம் கவனித்தேன்.

ஒரு பையன் இரண்டு குச்சியை ஒட்டினாற்போல் வைத்துவிட்டு, "தப்பா வச்சிட்டேன்" என்று எடுக்கப் போனான். பக்கத்துப் பெண் அவன் கையைப் பிடித்து, "அது தப்பில்லை, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கலை, அவ்வளவுதான்" என்றாள். குச்சியை வரிசையின் தொடக்கத்திலேயே வைக்கலாமா என்பது அடுத்த சந்தேகம். வைத்தால் முதல் பிள்ளைக்குச் சுழியம். இந்த இரண்டும் புரிந்தபோதுதான் 286க்கும் 84க்கும் என்ன வேறுபாடு என்று வகுப்புக்குப் புரிந்தது. 84 எழுதியவள் எல்லாருக்கும் ஒன்றாவது கொடுத்தாக வேண்டும் என்று தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் யாரும் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், அதனால் அப்படி நினைத்தேன் என்றாள். அவள் சொன்னதில் பிழையே இல்லை, கேள்வியில் நான்தான் சொல்லவில்லை. "யாராவது ஒருவருக்கு ஒன்றும் கிடைக்காமலும் போகலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

ஒருவருக்கு ஒன்றாவது என்றால், கடலைகளுக்கு நடுவே இருக்கும் 9 இடைவெளிகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒரே இடைவெளியில் இரண்டு குச்சி கூடாது. C(9, 3) = 84. இன்னொருவன் வேறு மாதிரி செய்தான். முதலிலேயே ஆளுக்கொன்று கொடுத்துவிட்டான். மீதி 6 கடலை, 3 குச்சி, மொத்தம் 9 பொருள், அதே C(9, 3). இரண்டு இடத்திலும் 9 வருகிறது, ஆனால் ஒரு 9 இடைவெளி, இன்னொரு 9 கடலையும் குச்சியும் சேர்ந்தது. இது எல்லா எண்ணுக்கும் இப்படியே பொருந்துமா என்று கேட்டார்கள். 15 லட்டு 4 பேருக்குப் போட்டுப் பார்த்தோம். இடைவெளி 14. முதலில் நாலைக் கொடுத்துவிட்டால் 11 லட்டும் 3 குச்சியும், அதுவும் 14. ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு தடுப்பு குறையும், முதலில் கொடுப்பதில் ஒன்று குறைவதால் மீதி லட்டு ஒன்று கூடும், அதனால் எப்போதும் பொருந்தும்.

இரவுப்பறவை | அக்டோபர் 19, இரவு 10:15

10! விஷயம் புரிந்தது மாமா. ஆளுக்கொன்று முதலில் கொடுத்துவிடும் வழி அருமை. அப்படியானால் பத்து வெவ்வேறு பரிசுப் பொருள் இருந்தாலும் இதையே செய்யலாமே. முதல் பிள்ளைக்கு 10ல் ஒன்று, அடுத்தது 9ல் ஒன்று, 8, 7. மீதி ஆறு பொருளும் யாருக்கு வேண்டுமானாலும், 4^6. பெருக்கினால் விடை.

கணக்கு_மாமா | அக்டோபர் 20, காலை 6:30

பெருக்கிப் பாருங்கள். 10×9×8×7 = 5040. 4^6 = 4096. பெருக்கினால் 20643840. எந்த நிபந்தனையும் இல்லாமல் பத்துப் பரிசையும் கொடுக்கும் வழிகளே மொத்தம் 1048576தான். நிபந்தனை போட்டால் வழி குறைய வேண்டும், உங்களுக்கு இருபது மடங்கு கூடியிருக்கிறது. நிபந்தனை போட்ட பிறகு எண் பெரிதானால் உடனே சந்தேகப்படுங்கள், அதற்குச் சூத்திரம் ஒன்றும் தெரிய வேண்டாம்.

காரணம் இதுதான். ஒரு பிள்ளைக்குப் பேனாவும் பந்தும் கிடைத்தது என்று வையுங்கள். முதலில் பேனா கொடுத்து அப்புறம் பந்து, முதலில் பந்து கொடுத்து அப்புறம் பேனா, இரண்டையும் நீங்கள் தனித்தனியாக எண்ணுகிறீர்கள். கையில் இருப்பது ஒன்றேதான். லட்டில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், முதலில் கொடுத்த லட்டு எது என்று அடையாளமே இல்லை. வெவ்வேறு பரிசுக்கு, ஒரு பிள்ளையாவது வெறுங்கையோடு நிற்கும் வழிகளைக் கழித்துத்தான் போக வேண்டும்: 4^10 − 4·3^10 + 6·2^10 − 4 = 818520.

மிட்டாய்க்கடை_கோவை | அக்டோபர் 20, மதியம் 2:50

நான் கடை வைத்திருப்பவன், பாடப் புத்தகம் விட்டு ரொம்ப நாளாச்சு. தீபாவளி நேரம் என்பதால் கேட்கிறேன். எங்கள் பெட்டியில் 12 பீஸ். லட்டு, ஜாங்கிரி, மைசூர்பாகு, பாதுஷா, பால்கோவா என்று 5 வகை. பிள்ளைகள் யாரும் இல்லை, பெட்டி ஒன்றுதான். வாங்க வருபவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்கிறார்கள், லட்டு ஆறு வை, பாதுஷா வேண்டாம் என்று. மொத்தம் எத்தனை விதமான பெட்டி வரும்? இது உங்கள் கணக்கில் வராது என்று நினைக்கிறேன், உங்களுக்கு இனிப்பு ஒரே வகை, எனக்கு ஐந்து வகை.

கணக்கு_மாமா | அக்டோபர் 20, மாலை 5:15

அண்ணே, அச்சு அசலாக இதே கணக்குதான், உட்காருகிற இடம் மட்டும் மாறியிருக்கிறது. பெட்டியில் இருக்கும் 12 குழியை 12 புள்ளியாக வையுங்கள். நாலு குச்சி போட்டு ஐந்து பாகமாகப் பிரியுங்கள். முதல் பாகத்தில் எத்தனை புள்ளியோ அத்தனை லட்டு, இரண்டாவதில் எத்தனையோ அத்தனை ஜாங்கிரி. எங்கள் கணக்கில் பிள்ளைகள் இருந்த இடத்தில் உங்களுக்கு வகைகள் இருக்கின்றன. 12 புள்ளி, 4 குச்சி, C(16, 4) = 1820 விதமான பெட்டி. பெட்டிக்குள் எது எந்த மூலையில் இருக்கிறது என்று பார்க்காமல், எது எத்தனை என்று மட்டும் பார்த்தால் இந்த எண்.

மிட்டாய்க்கடை_கோவை | அக்டோபர் 20, இரவு 9:30

1820ஆ! நாங்கள் நாலு விதம்தான் போட்டு வைக்கிறோம். சரி, மைசூர்பாகு அன்று ஒரு பெட்டிக்கு மூன்றுக்கு மேல் வைக்க முடியாது என்றால்? நெய் விலை அப்படி.

பிளஸ்ஒன்_பையன் | அக்டோபர் 20, இரவு 9:52

நான் வாசல்திண்ணை மிஸ்ஸிடம் படிக்கிறேன். இதை நான் சொல்கிறேன் அங்கிள். மைசூர்பாகு நாலோ அதற்கு மேலோ இருக்கும் பெட்டிகளை எண்ணிக் கழித்துவிட்டால் போதும். அப்படிப்பட்ட பெட்டியில் நாலு மைசூர்பாகை முதலிலேயே வைத்துவிடலாம், மீதி 8 குழி, 4 குச்சி, C(12, 4) = 495. 1820 − 495 = 1325. மிஸ் சொன்ன "முதலிலேயே கொடுத்துவிடு" என்பது இங்கேயும் வேலை செய்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். லட்டுக் கணக்கில் நாலு பேரில் யாருக்குமே 4க்கு மேல் கிடையாது என்றால்? இதே மாதிரி ஒருவனுக்கு முதலில் ஐந்தைக் கொடுத்துவிட்டு மீதி 5 லட்டு, 3 குச்சி, C(8, 3) = 56. யார் அந்த ஐந்து வாங்குபவன் என்று நாலு பேரில் ஒருவர், 224. 286 − 224 = 62. ஆனால் கையால் எழுதிப் பார்த்தால் 62க்கு மேல் வருகிறது.

கணக்கு_மாமா | அக்டோபர் 21, காலை 6:20

கையால் எழுதிப் பார்த்தாயே, அதுவே பாதிக் கணக்கு. 5, 5, 0, 0 என்ற பங்கீட்டை எடு. முதல் பிள்ளைக்கு ஐந்து என்று ஒரு தடவை கழித்தாய். இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து என்று அதையே இன்னொரு தடவையும் கழித்தாய். இருப்பது ஒன்று, இரண்டு தடவை போய்விட்டது. அதனால் ஒன்றைத் திருப்பிக் கூட்ட வேண்டும். இப்படி இருவருக்கு ஐந்தைந்து போகும் ஜோடிகள் 6, ஒவ்வொன்றுக்கும் மீதி லட்டே இல்லை என்பதால் ஒரே வழி. 62 + 6 = 68. மூன்று பேருக்கு ஐந்தைந்து கொடுக்க 15 லட்டு வேண்டும், இல்லை, அதனால் இங்கேயே நின்றுவிடும்.

கடைக்காரருக்கு ஒரே கழித்தலில் முடிந்ததற்குக் காரணம் அவர் ஒரு வகைக்கு மட்டும் வரம்பு வைத்ததுதான். வரம்பு இரண்டு பேருக்கு வந்தாலே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மீறும் பங்கீடு உண்டா என்று பார்த்தாக வேண்டும்.

பிளஸ்ஒன்_பையன் | அக்டோபர் 21, மாலை 6:45

மிஸ்ஸிடம் காட்டினேன், இங்கேயும் போடச் சொன்னார்கள். வேறு வழியில் செய்தேன். முதலில் எல்லாருக்கும் நாலு நாலு கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், மொத்தம் 16. இருப்பதோ 10தான், அதனால் ஆறைத் திரும்ப வாங்க வேண்டும். யாரிடம் எத்தனை திரும்ப வாங்குகிறோம் என்பதே இப்போது பங்கீடு. 6 லட்டு, 3 குச்சி, C(9, 3) = 84. ஒருவனிடம் நாலுக்கு மேல் வாங்க முடியாது, அவனிடம் இருப்பதே நாலு. யாரிடமாவது ஐந்து வாங்கிய கணக்கைக் கழிக்க வேண்டும்: மீதி ஒரு லட்டு, 3 குச்சி, C(4, 3) = 4, நாலு பேருக்கும் 16. இரண்டு பேரிடம் ஐந்தைந்து வாங்கவே முடியாது, வாங்க வேண்டியது ஆறுதான். 84 − 16 = 68. திருப்பிக் கூட்டும் வேலையே வரவில்லை.

கணக்கு_மாமா | அக்டோபர் 21, இரவு 8:10

பிரமாதம் தம்பி. என் வழியைவிட இது சுருக்கம். வரம்பு நெருக்கமாக இருக்கும்போது, அதாவது எல்லாருக்கும் உச்சம் கொடுத்தால் தேவையைவிடக் கொஞ்சமே அதிகமாகும்போது, உன் வழியையே பிடி. வரம்பு 8 என்று இருந்தால் நீ 22 லட்டைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும், அப்போது என் வழி நல்லது.

இரவுப்பறவை | அக்டோபர் 21, இரவு 11:05

எனக்கு எண்ணிப் பார்த்தால்தான் நம்பிக்கை. ஓட்டினேன், 68 வருகிறது.

```python
from itertools import product
n = 0
for x in product(range(11), repeat=4):
    if sum(x) == 10 and max(x) <= 4:
        n += 1
print(n)
```

`max(x) <= 4` ஐ எடுத்துவிட்டால் 286. அதற்குப் பதில் `min(x) >= 1` போட்டால் 84. வகுப்பில் யாராவது விடையோடு சண்டைக்கு வந்தால் இதைக் காட்டலாம்.

வாசல்திண்ணை | அக்டோபர் 22, இரவு 8:20

கணினி இல்லாதவர்களுக்கு: 68ஐ ஒரு தாளில் சரிபார்க்கலாம். நாலுக்கு மேல் போகாமல் பத்தை நாலு பங்காக்கினால் ஏழு மாதிரிதான் வரும். 4411, 4420, 4330, 4321, 4222, 3331, 3322. ஒவ்வொன்றையும் பிள்ளைகளிடையே எத்தனை விதமாக மாற்றலாம் என்று பாருங்கள்: 6, 12, 12, 24, 4, 4, 6. கூட்டினால் 68. இதைச் செய்யும்போதுதான் அந்த 23க்கு விடை கிடைத்தது. 23 எழுதியவன் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கவே இல்லை. 4, 3, 2, 1 என்றால் அவனுக்கு ஒரே வழி, யாருக்கு நாலு என்று கேட்கவில்லை. பெயர் எழுதாத நாலு பைகளில் லட்டைப் போடுவது போன்ற கேள்வி அது. அந்தக் கேள்விக்கு 23 மிகச் சரியான விடை. காலியாக ஒரு பையும் இருக்கக் கூடாதென்றால் 9.

அவன் உடனே 286ஐ 24ஆல் வகுத்தால் 23 வருமா என்று கேட்டான். வராது, 11.9 வருகிறது. மாமா முதல் நாளே சொன்ன காரணம்தான்: 4321க்கு 24 மாற்றம், 3322க்கு ஆறே மாற்றம், எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுக்க முடியாது. பெயரில்லாத பைகளுக்குக் குச்சி வைக்கும் வழி உதவாது, உட்கார்ந்து பட்டியல் போட வேண்டியதுதான். நான் இப்போது இந்தக் கணக்கைக் கொடுக்கும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: இரண்டு பிள்ளைகள் தங்கள் லட்டுகளை மாற்றிக்கொண்டால் அது வேறு பங்கீடா, அதே பங்கீடா? வேறு என்றால் குச்சி.

பிளஸ்ஒன்_பையன் | அக்டோபர் 23, மாலை 7:00

ஒரு லட்டு ஒரு லட்டாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நாலு பேரில் யாருக்காவது கொடுத்தால், எல்லாருக்கும் ஒன்றாவது கிடைக்க நிகழ்தகவு என்ன? 84/286, அதாவது 29 சதவீதம் என்று எழுதினேன். பக்கத்து பெஞ்சில் 78 சதவீதம் என்கிறான்.

கணக்கு_மாமா | அக்டோபர் 23, இரவு 9:00

பக்கத்து பெஞ்ச் சரி. 286 பங்கீடும் சம வாய்ப்பு உள்ளவை என்று நீ எடுத்துக்கொண்டாய், அங்கேதான் வழுக்குகிறது. கண்ணை மூடிக் கொடுக்கும்போது ஒவ்வொரு லட்டும் தனியாக ஒரு முடிவு. 10, 0, 0, 0 வர ஒரே வழி, பத்துத் தடவையும் அவனையே தொட வேண்டும். 3, 3, 2, 2 வர 25200 வழி. லட்டு பார்க்க ஒரே மாதிரி என்பதால் கைக்கு அது தெரியப்போவதில்லை. அதனால் நிகழ்தகவுக்கு வெவ்வேறு பரிசுக் கணக்குதான் வேண்டும்: 818520/1048576, கிட்டத்தட்ட 0.78. 286 என்பது பட்டியலின் நீளம். பட்டியலில் எந்த வரி எவ்வளவு அடிக்கடி வரும் என்று அது சொல்லாது.

ஒளிக்கற்றை | அக்டோபர் 24, காலை 10:40

இயற்பியல் பக்கத்திலிருந்து ஒரு குறுக்கீடு. 286ம் சம வாய்ப்புள்ளவை என்ற அந்தத் தம்பியின் கணக்கை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஒளித்துகள்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. 1900ல் பிளாங்க் தன் கதிர்வீச்சுக் கணக்கில் ஆற்றல் துணுக்குகளை அதிர்விகளுக்குப் பங்கிட்டது இந்த எண்ணிக்கையால்தான். நீங்கள் மேஜையில் செய்ததை 1914ல் எரன்ஃபெஸ்டும் காமர்லிங் ஓனஸும் தாளில் செய்தார்கள். 7 ஆற்றல் துணுக்கு, 4 அதிர்வி. துணுக்குக்கு ε, தடுப்புக்கு 0 என்று ஒரு வரிசை எழுதினார்கள்:

εεεε0εε00ε

இது 4, 2, 0, 1. மொத்தம் C(10, 3) = 120. உங்கள் மாணவன் ஒட்டி வைத்த இரண்டு குச்சியும் அதில் இருக்கிறது பாருங்கள். 1924ல் டாக்காவிலிருந்து சத்யேந்திர நாத் போஸ், ஒளித்துகள்களுக்கு அடையாளமே இல்லை என்று எண்ணினால் பிளாங்கின் விதி வந்துவிடும் என்று காட்டினார். அந்தக் கட்டுரையை ஐன்ஸ்டைன் ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். லட்டுக்கு 78, ஒளிக்கு 29. எது சரி என்று கணக்கு மட்டும் சொல்லாது, பொருளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு_மாமா | அக்டோபர் 24, இரவு 8:30

ஒப்புக்கொள்கிறேன். லட்டிலேயேகூட 29 வரவைக்கலாம். பத்துக் கடலையையும் மூன்று குச்சியையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்து, அதன்படி கொடுத்தால் 286ம் சம வாய்ப்புதான். ஆகவே கேள்வியில் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று இருக்க வேண்டும். "ஒரே மாதிரியான லட்டுகள் சமவாய்ப்பு முறையில் பகிரப்படுகின்றன" என்று மட்டும் எழுதிவிட்டு நிகழ்தகவு கேட்பது அரைகுறைக் கேள்வி.

வாசல்திண்ணை | அக்டோபர் 24, இரவு 9:45

இதில் மட்டும் உங்களோடு முழுவதும் ஒத்துப்போக முடியவில்லை மாமா. தேர்வில் அப்படி ஒரு கேள்வி வந்தால் பிள்ளை என்ன செய்யும்? அரைகுறைக் கேள்வி என்று எழுதிவிட்டு வர முடியாது. ஒவ்வொரு லட்டும் தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது என்று தான் எடுத்துக்கொண்டதை முதல் வரியில் எழுதிவிட்டு 78 பக்கம் போகச் சொல்வேன். வழிகாட்டிப் புத்தகங்களில் 84/286 என்று விடை போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன், அதனால் மதிப்பெண் எங்கே விழும் என்று உறுதி சொல்ல முடியாது.

மிட்டாய்க்கடை_கோவை | அக்டோபர் 25, மதியம் 3:20

ஒளி எல்லாம் எனக்கு எட்டாது. வீட்டுக் கணக்கு ஒன்று. 10 லட்டும் 6 ஜாங்கிரியும் எடுத்துப் போகிறேன், பேரப்பிள்ளைகள் நாலு பேர். முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். யாரும் வெறுங்கையாகப் போகக் கூடாது, லட்டோ ஜாங்கிரியோ ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும். எத்தனை விதம்?

பிளஸ்ஒன்_பையன் | அக்டோபர் 25, மாலை 6:30

நிபந்தனை இல்லாமல்: லட்டுக்கு 286, ஜாங்கிரிக்கு C(9, 3) = 84, பெருக்கினால் 24024. முதலில் லட்டிலும் ஆளுக்கொன்று, ஜாங்கிரியிலும் ஆளுக்கொன்று என்று 84 × 10 = 840 போட்டேன். அது எல்லாருக்கும் இரண்டும் கிடைக்கும் கணக்கு, அங்கிள் கேட்டது அதுவல்ல. இங்கே ஆளுக்கொன்று முதலில் கொடுத்துவிட முடியவில்லை, அந்த ஒன்று லட்டா ஜாங்கிரியா என்று தெரியாது. கழித்துத்தான் போக வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு எதுவும் இல்லையென்றால் மற்ற மூவருக்கு C(12, 2) × C(8, 2) = 66 × 28 = 1848, நாலு பேருக்கு 7392. இருவருக்கு எதுவும் இல்லையென்றால் 11 × 7 = 77, ஆறு ஜோடிக்கு 462. எல்லாம் ஒருவனுக்கே என்றால் 4. 24024 − 7392 + 462 − 4 = 17090.

இரவுப்பறவை | அக்டோபர் 25, இரவு 10:50

ஓட்டிப் பார்த்தேன், 17090தான் வருகிறது.